பட்டியலில் விட்டுப்போன காற்று

மூன்றாவது தடவையாக அந்தப் பழுப்பு உறை மெட்ராஸிலிருந்து திரும்பி வந்த காலையில்தான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. உறையை அவிழ்த்து மெமோவைப் படித்துவிட்டு, முந்தைய இரண்டு மெமோக்களையும் ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் மூன்று வேறு குறைகள். மூன்றும் நியாயமான குறைகள். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரே தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் மூன்று உறையும் மூன்று மாதமும் மிச்சமாகியிருக்கும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் எனக்கு அன்று காப்பி குடிக்கத் தோன்றவில்லை.

நான் இருப்பது ராமநாதபுரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். காலையிலும் மாலையிலும் மாணவர்கள் மெஷினைத் தட்டுவார்கள். நடுப்பகலில் மனு, பத்திரம், விண்ணப்பம் என்று வெளியாருக்கு அடித்துக் கொடுப்பது என் வேலை. திருவாடானைப் பக்கம் எங்களுடையது விவசாயக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, இங்கிலீஷ் டைப்பில் ஹையர் முடித்து, ஷார்ட்ஹேண்டை முக்கால்வாசியில் விட்டு, ஹிந்திப் பரீட்சைக்குப் பணம் கட்டி எழுதப் போகாமல் இருந்தவன் நான். அய்யா என்னைப் பற்றி யாராவது விசாரித்தால், "இங்கன இல்ல" என்று மட்டும் சொல்வாராம்.

உறைக்குச் சொந்தக்காரர் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம், வயது நாற்பத்தைந்து இருக்கும், இடது கன்னத்தில் உளுந்து அளவில் ஒரு மரு. பத்து வருஷத்துக்கு முன் புருஷனோடு இலங்கைக்குப் போய்வர எடுத்த பாஸ்போர்ட் ஒன்று அவரிடம் இருந்தது. இடையில் ஒருமுறை ஐந்து வருஷம் நீட்டியிருந்தார்கள். இப்போது பத்தும் முடிந்துவிட்டதால் இனி அதில் நீட்ட முடியாது, புதுப் புத்தகம்தான் தருவார்கள். அதையும் எல்லாரும் புதுப்பிப்பது என்றே சொல்வோம்.

அவருடைய ஒரே மகள் மன்னார்ப் பக்கம் பேசாலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாசி மாதம் தலைப்பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பெண்ணின் குடியுரிமைக் காகிதம் அங்கே விசாரணையில் இருந்தது. இப்போது கடலைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெண் வர முடியாததால் தாய் போக வேண்டும். பாஸ்போர்ட் வந்தபின் விசாவுக்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஆக, தை முடிவதற்குள் புத்தகம் கைக்கு வர வேண்டும். அவர் முதல்முறை கடைக்கு வந்தது ஆவணியில். "நெறைய நாள் கெடக்கு" என்று அன்று தைரியம் சொன்னவன் நான்தான்.

முதல் தடவை நடந்தது இது. விலாசத்துக்கு ருசு வேண்டும் என்றேன். அவர் ரேஷன் கார்டைக் கொண்டுவந்தார். நகல் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கார்டை அப்படியே உறையில் வைத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். நகல்தான் வேண்டும், அசலை அனுப்பக் கூடாது என்று கார்டோடு மெமோ வந்தது. அதற்குள் அந்த வீட்டில் ஒரு மாதம் சீனி வாங்கவில்லை. "கார்டுக்கு மெட்ராஸ் பாக்கணும்னு ஆசை. பாத்துட்டு வந்துருச்சு" என்றார்.

நகல் என்றால் எங்கள் ஊரில் இரண்டு வழி. கார்டில் உள்ளதை வரிக்கு வரி டைப் அடித்து, கீழே 'உண்மை நகல்' என்று போட்டு கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்து வாங்குவது ஒன்று. போட்டோ ஸ்டுடியோவில் கார்டையே படம் பிடித்துப் பெரிதாக்கி வாங்கி, அதிலும் கையெழுத்து வாங்குவது இன்னொன்று. இரண்டாவது விலை அதிகம் என்பதால் முதலாவதைச் செய்தோம். கெஜட்டட் என்று சொன்னால் புரியாதென்று, பெரிய ஆள் யாரிடமாவது கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றேன். அவருக்குத் தெரிந்த பெரிய ஆள் பங்குச் சாமியார். சாமியார் நகலிலும் மூன்று போட்டோக்களின் பின்பக்கத்திலும் லத்தீனில் கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரையை அழுத்தமாகக் குத்தி, ஆசீர்வாதமும் எழுதிக் கொடுத்தார். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. சான்றளிக்க அதிகாரம் பெற்றவர் அல்ல என்று இரண்டாவது மெமோ வந்தது.

போட்டோக்களில் முத்திரை விழுந்துவிட்டதால் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோக்காரர் திறமைசாலி. அவரிடம் ஒரு திரை உண்டு. அதில் அரண்மனைப் படிக்கட்டு, அன்னப்பறவை, முழுநிலா. பாஸ்போர்ட்டுக்கு அன்னம் கூடாது என்று நான் கூடவே போய்ச் சொல்லி, வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்முன் உட்காரவைத்தேன். முக்காட்டைப் பின்னுக்கு இழுத்து இரண்டு காதும் தெரியச் செய்தேன். இதில் எனக்குப் பெருமை. ஆனால் நெகட்டிவைக் கழுவிய பிறகு அவர் தனியே உட்கார்ந்து பென்சிலால் அதைத் திருத்துவார் என்பது எனக்குத் தெரியாது. கல்யாணப் பெண்களுக்கு அம்மைத் தழும்பை அழித்துப் பழகிய கை. கூடுதல் காசு வாங்காமல் அந்த அம்மாளின் மருவை அழித்துவிட்டார். பழைய பாஸ்போர்ட்டில் அடையாளம் என்ற இடத்தில் எழுதியிருந்தது அந்த மரு ஒன்றுதான். இம்முறை முறைப்படி ஓர் அரசாங்க டாக்டரிடம் கையெழுத்து வாங்கியிருந்தோம். கூட்டம் அதிகம், அவர் பார்த்தது படத்தின் பின்பக்கத்தை. மெட்ராஸில் முன்பக்கத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாவது மெமோ அதுதான்.

அன்று மத்தியானமே ஸ்டென்சில் தாளில் ஊசியால் எழுதி ஐம்பது பிரதி உருட்டினேன். முதல் வரி பழைய பாஸ்போர்ட்: அசலை அனுப்ப வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, அனுப்பும் முன் எண்ணும் தேதியும் உள்ள பக்கங்களை நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது நகல்கள்: விலாச ருசுவின் அசலை அனுப்பக் கூடாது, கெஜட்டட் ஆபீசரைத் தவிர யார் கையெழுத்தும் செல்லாது. இந்த இடத்தில், சாமியார், முன்சீப், பள்ளிக்கூட வாத்தியார், மீன் ஏலக்காரர் ஆகியோர் மன்னிக்கவும் என்று போட்டேன். பிறகு போட்டோ: மூன்று, ஒரே நெகட்டிவிலிருந்து, நேர்முகம், வெளிர் பின்னணி, பென்சில் வேலை கூடாது, மரு இருந்தால் இருக்கட்டும். கடைசியாக விலாச ருசு: ரேஷன் கார்டு, இல்லாவிட்டால் கிராம முன்சீப் எழுதித் தாசில்தார் மேலொப்பம் போட்ட இருப்பிடச் சான்று.

முதலாளியிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரே தடவையில முடிஞ்சிட்டா நம்மகிட்ட என்னத்துக்கு வருவாக?"

"புதுசா வாரவுக வருவாக" என்றேன்.

"ஒட்டு. ஆனா வாசல்ல வேணாம், உள்ள ஒட்டு" என்றார்.

அந்த அம்மாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தகவல் கேட்க வருவார். பதில் எங்கள் கடை விலாசத்துக்கு வரும்படி நான்தான் ஏற்பாடு செய்திருந்தேன். ஐப்பசியில் அவர் வந்தபோது பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னார். நான்கு விரலை மடக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை நீட்டி, மறுபடி ஒப்பித்தார். தப்பில்லை. ஒன்றில் மட்டும் மனசு ஒப்பவில்லை.

"பழசைக் கொடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு? அவுக தொலைச்சுட்டாகன்னா நான் யாருன்னு யாருட்டப் போயிக் கேப்பேன்?"

பிஸ்கட் டின்னில் ஜெபமாலையோடு வைத்திருந்த புத்தகம் அது. ஏற்கனவே மூன்று தடவை போய்வந்திருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்டார். ரத்து செய்து, ஓரத்தை வெட்டித் திருப்பித் தருவார்கள் என்றேன். புருஷனோடு சேர்ந்து போன முத்திரைகள் இருக்கும் பக்கத்தை வெட்டுவார்களா என்று கேட்டார். அட்டையைத்தான் என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனால் பட்டியல் எழுதியவன் தெரியாது என்று சொல்லக் கூடாது என்று நினைத்தேன். பிறகு அதில் அட்டையைத்தான் வெட்டியிருந்தார்கள்.

ஸ்டுடியோக்காரரைப் பென்சிலை மேஜையில் வைக்கச் சொல்லிவிட்டுப் புதுப் படம் எடுத்தோம். அவர் வருத்தத்தோடு எடுத்தார். நகல், கையெழுத்து, பழைய புத்தகம், ரேஷன் கார்டு நகல், எல்லாவற்றையும் பட்டியலோடு வைத்து ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் குறி போட்டேன். புது விண்ணப்பத்தையும் அடித்தேன். நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் தொண்டிக்குத் தெற்கே அவருடைய கடற்கரைக் குடியிருப்பு. அதற்குக் கீழே தற்போதைய விலாசம். அதில் 'மேற்படி' என்று அடித்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் அடிப்பேன். நினைத்துப் பார்த்தால், ஒரு நாளில் நான் அதிகமாக அடித்த சொல் அதுவாகத்தான் இருக்கும். மெஷினில் அதற்கென்று விரல்கள் தாமாகவே போகும்.

அந்த அம்மாள் ஆவணியிலும் புரட்டாசியிலும் தொண்டி பஸ்ஸில் வந்து இறங்கியவர். ஐப்பசியில் ரயிலடியிலிருந்து நடந்து வந்தார். கால் முழுக்க வெள்ளை மணல். இதை நான் பார்த்தேன். கவனிக்கவில்லை.

கார்த்திகை முழுக்கத் தகவல் இல்லை. இந்த முறை தகவல் இல்லாததே நல்ல தகவல் என்று முதலாளியிடமும் மாணவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியலில் பதினேழு பிரதி வெளியே போயிருந்தது. மார்கழி இரண்டாவது வாரம் உறை வந்தது. காகிதங்கள் எல்லாம் சரி. ஆனால் விசாரணைக்குப் போன போலீஸ்காரர், குறித்த விலாசத்தில் மனுதாரர் குடியிருக்கவில்லை, வீடே இல்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறார், விளக்கம் தேவை.

வீடே இல்லை என்பதை மூன்று தடவை படித்தேன். பிறகு அவருக்கு எழுதலாம் என்று கார்டு எடுத்தேன். எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று அப்போதுதான் யோசித்தேன். கடையில் தகவல் சொல்ல ஒரு கருவாட்டு வண்டிக்காரர் பெயரைக் கொடுத்திருந்தார். அந்த வண்டிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சர்வ சாதாரணமாக, "அவுக வாடைக்குத் தனுஷ்கோடியிலதான இருப்பாக" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ரயிலேறினேன். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இடதுபக்கம் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. வலதுபக்கம் தகடுபோலக் கிடந்தது. இந்த வித்தியாசத்தை எல்லாரும் பார்ப்பார்கள், நானும் முன்பு பார்த்திருக்கிறேன். அதற்கும் பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை.

தென்கடல் கரையில் ஓலைக்குடிசைகள் வரிசையாக நின்றன. அவர் பாயில் மீனைப் பரப்பி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"டைப்புத் தம்பி நேருல வந்துருக்குன்னா புத்தகம் வரல" என்றார்.

மெமோவைப் படித்துச் சொன்னேன். அவர் உப்பை உதறிவிட்டுக் கேட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். வாடை அடித்தால் வடகடலில் வலை போட முடியாது. அதனால் ஐப்பசியில் குடிசையைப் பிரித்து, ஓலை, கம்பு, பானை, கோழி எல்லாவற்றையும் வள்ளத்தில் ஏற்றி இங்கே வந்துவிடுவார்கள். பங்குனியில் திரும்பிப் போய் அங்கே கட்டுவார்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடங்கும்வரை அங்கே. வருஷா வருஷம் இப்படித்தான். போலீஸ்காரர் எழுதியது முழு உண்மை. அங்கே வீடு இல்லை. வீடு இங்கே இருக்கிறது, அதே ஓலை, அதே கதவு.

"இதை எங்கிட்டச் சொல்லலியே" என்றேன்.

"நீ கேக்கலியே. நாலு கேட்ட, நாலு கொடுத்தேன்." பிறகு ஒரு மீனை எடுத்து உப்பில் புரட்டிக்கொண்டே, "எம்மவ ஒத்தையில கெடப்பா தம்பி. மாமியாக்காரியும் இல்ல. இன்னும் என்ன வேணும்னு இப்பவே சொல்லிரு, ஒண்ணொண்ணாச் சொல்லாத" என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்தில் இரண்டு விலாசத்துக்கும் இடம் இருந்தது, அதில் 'மேற்படி' அடித்தது நான்தான் என்று சொன்னேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். மேலே சொன்ன அதே ஊர் என்று அர்த்தம் என்றேன். அவர் சுற்றிலும் மணலைப் பார்த்தார். "அதே ஊரா இது?" என்றார். அடுத்த பாயில் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

அன்று முதல் பதினொரு நாள் நான் ஓடியது என் வேகத்துக்கே அதிகம். தனுஷ்கோடி முன்சீப்பிடம் போனேன். இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை, எப்படிச் சான்று தருவது என்றார். அடுத்த நாள் பஸ் பிடித்து, தொண்டிப் பக்கம் அவருடைய சொந்தக் கிராமத்து முன்சீப்பிடம் போனேன். இப்போது இங்கே இல்லையே, எப்படித் தருவது என்றார். இரண்டு பேரும் தெரிந்ததை மட்டும் எழுதக்கூடிய நேர்மையான மனிதர்கள். ஆளில்லாத குடியிருப்பின் நடுவில் நின்று பார்த்தேன். கம்பு நட்ட குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு குழியும் யாருடையது என்று முன்சீப்பால் சொல்ல முடிந்தது. அந்த அம்மாளுடையது நான்கு மூலைக் குழிகளோடு சரியாக இருந்தது. அதைக் காட்டிக்கொண்டே, அப்படியானால் தெரிந்ததையே எழுதுங்கள் என்றேன். இன்னார் இந்தக் கிராமத்தைச் சேர்ந்தவர், பங்குனி முதல் புரட்டாசி வரை இங்கே குடியிருப்பவர், மற்ற மாதங்களில் தொழில் காரணமாகத் தென்கடலுக்குப் போகிறவர். அவர் எழுதினார். அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் தனுஷ்கோடி முன்சீப் மீதி மாதங்களை எழுதினார். இரண்டு சான்றையும் சேர்த்தால் பன்னிரண்டு மாதமும் வந்தது. கூட்டிப் பார்த்தேன்.

இரண்டும் இரண்டு தாலுகா. திருவாடானையில் ஒரு மேலொப்பம், ராமநாதபுரத்தில் ஒரு மேலொப்பம். திருவாடானைக்குப் போனதால் வீட்டில் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. அய்யா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏலே, யாருக்குடா பாஸ்போட்டு?" என்றார். ஒரு கருவாட்டுக்கார அம்மாவுக்கு என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார்.

புது விண்ணப்பத்தில் கட்டத்துக்கு ஒன்றாக இரண்டு விலாசம் அடித்தேன். மேற்படி என்ற சொல்லைத் தொடவில்லை. தற்போதைய விலாசத்தில் மாசி கடைசி வரை என்றும் சேர்த்தேன். பாஸ்போர்ட் மட்டும் மனுதாரர் விலாசத்துக்கே போகும் என்பதால், தனுஷ்கோடித் தபாலாபீசுக்கும் சொல்லிவைத்தேன். பொங்கல் கழிந்த வாரம் போலீஸ்காரர் ஒருவர் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, குடிசையையும் மருவையும் பார்த்துவிட்டுப் போனாராம். தை இருபத்தேழாம் தேதி ரிஜிஸ்தர் தபால் வந்தது. புதுப் புத்தகமும், ஓரம் வெட்டிய பழைய புத்தகமும். விசா மாசி பதினாறில் கிடைத்தது. அவர் அன்று மத்தியானக் கப்பலிலேயே தலைமன்னாருக்குப் போய்விட்டார். வழியனுப்ப நான் போகவில்லை, டைப்பிங் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

பங்குனியில் திரும்பி வந்தவர் பஸ்ஸில்தான் வந்தார். இம்முறை கவனித்தேன். பெண்குழந்தை. அவர் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் பிறந்ததாம். குழந்தை தனக்காகக் காத்திருந்தது என்று சொன்னார். மருத்துவச்சி நாளைத் தப்பாகக் கணக்குப் போட்டிருப்பாள் என்பது என் கருத்து. சொல்லவில்லை.

சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்து, இன்னும் இது இருக்கிறதா என்று கேட்டார். திருத்தியிருக்கிறேன் என்று வாசித்துக் காட்டினேன். இப்போது முதல் வரி பழைய பாஸ்போர்ட் இல்லை. எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் இருப்பீர்கள், இரண்டையும் சொல்லவும் என்பதுதான் முதல் வரி. அவர் ஐந்தாவதாகக் கட்டைவிரலை நீட்டினார்.

"நல்லாருக்கு. ஆனா இதை ராம்நாட்டுச் சுவத்துல ஒட்டி என்ன செய்ய? வேணுங்கிறவுக அங்கன இருக்கோம். வந்தாலும் படிக்கத் தெரியாது" என்றார்.

அதை யோசிக்காதவன் நான்தான். சாமியாரிடம் அவரே பேசிவிட்டாராம். ஆசீர்வாதத்தோடு கையெழுத்துப் போட்ட அதே சாமியார், மன்னிக்கவும் என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டால் பூசை முடிந்ததும் வாசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எடுத்துவிட்டேன். பென்சில் கூடாது என்பதை நேரில் விளக்க ஸ்டுடியோக்காரரும் வருவதாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். விரலை நீட்டி நீட்டிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன், கட்டைவிரலில் ஆரம்பிப்பதா சுண்டுவிரலில் ஆரம்பிப்பதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.